இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டாதீர்கள்!

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். "வேலூரில் வெயில் சதமடித்தது", "எட்டு ஊர்களில் 100 டிகிரியைத் தாண்டியது" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஊர் வாரியாகப் பட்டியல் போடுவார்கள். அந்த 100 பாரன்ஹீட் கணக்கு. ஆனால் வானிலை மையம் அளப்பதும் அறிவிப்பதும் செல்சியஸில். கைபேசியில் தெரிவதும் செல்சியஸ்தான். ஆக, ஒரே வெயில் காலையில் பேப்பரில் 101 என்றும், மதியம் கைபேசியில் 38 என்றும் இரண்டு வேடம் போடுகிறது.

வேலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் பேரன் கைபேசியைப் பார்க்கிறான். 36 டிகிரி என்று காட்டுகிறது.

"தாத்தா, இன்னிக்கு சதம்! 36ஐ ரெண்டால பெருக்கினா 72, அதோட 30 கூட்டினா 102!"

தாத்தா ஈசிசேரில் இருந்து நகரவில்லை. "சதமா? நாளைக்குப் பேப்பர் வரட்டும்டா, பாக்கலாம்" என்கிறார்.

மறுநாள் பேப்பர் வருகிறது. சதமடித்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. வேலூர் இல்லை. பேரனுக்கு ஒரே குழப்பம். பேப்பர்காரர்கள் விட்டுவிட்டார்களா, கைபேசி பொய் சொன்னதா?

இரண்டும் இல்லை. பொய் சொன்னது அந்தக் குறுக்கு வழி. "இரண்டால் பெருக்கு, முப்பதைக் கூட்டு" என்ற இந்தச் சூத்திரம் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பயணக் குறிப்புகளில் இருக்கிறது, அமெரிக்கா போகிறவர்களுக்கு நண்பர்கள் சொல்லி அனுப்புவதும் இதைத்தான். நல்ல சூத்திரம்தான், ஆனால் நம்மூர் வெயிலுக்கு அல்ல. அதை இங்கே அப்படியே கொண்டுவந்து பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அதைவிட எளிதாகவும் சரியாகவும் கணக்குப் போட வழி இருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். தண்ணீர் உறையும் இடம் செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிக்கும் இடம் செல்சியஸில் 100, பாரன்ஹீட்டில் 212. அதாவது உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை ஒருவர் 100 படிகளாகப் பிரித்தார், இன்னொருவர் கணக்கில் அது 180 படிகளாக வருகிறது. ஒரு செல்சியஸ் படி ஏறினால் 1.8 பாரன்ஹீட் படி ஏறியதாக அர்த்தம். தொடங்கும் இடமும் வேறு என்பதால் கடைசியில் 32ஐச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த சூத்திரம் இதுதான்:

F = (9/5) × C + 32

பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு 37ஐ ஒன்பதால் பெருக்கி, வந்த 333ஐ ஐந்தால் வகுத்து, 66.6 என்று கண்டுபிடித்து, அதோடு 32ஐக் கூட்டுவதற்குள் பஸ் போய்விடும். அதனால்தான் யாரோ 1.8ஐ 2 ஆக்கி, 32ஐ 30 ஆக்கி விட்டார்கள். ஒன்றைக் கொஞ்சம் கூட்டினார்கள், இன்னொன்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஒரு தவறு இன்னொரு தவறை ஈடுகட்டும் என்பது யோசனை.

ஈடுகட்டுகிறதா? கட்டுகிறது, ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும்தான் முழுசாக. 10 டிகிரி செல்சியஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டால் பெருக்கினால் 20, முப்பதைக் கூட்டினால் 50. உண்மையான விடையும் 50தான். அச்சு அசல். ஆனால் 10ஐ விட்டு விலக விலக, ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஒரு டிகிரி பாரன்ஹீட் வீதம் பிழை ஏறிக்கொண்டே போகும். 20 டிகிரியில் 2 அதிகம். 30 டிகிரியில் 4 அதிகம். 35 டிகிரியில் 5 அதிகம். 40 டிகிரியில் 6 அதிகம்.

இப்போது விஷயம் புரிந்திருக்கும். பத்து டிகிரி என்பது யாருடைய வானிலை? லண்டனிலோ வான்கூவரிலோ வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வரும் சாதாரண நாள். அங்கே 0 முதல் 20 வரைதான் பெரும்பாலான நாட்கள் ஓடும். அந்த எல்லைக்குள் இந்தச் சூத்திரம் 2 டிகிரிக்கு மேல் தப்பாது. கனடாவில் 1975 ஏப்ரல் 1 அன்று வானிலை அறிவிப்புகள் பாரன்ஹீட்டை விட்டு செல்சியஸுக்கு மாறின. அப்படி மாறிய குளிர் நாட்டுக்காரர்களுக்கு "இரண்டு மடங்கு, கூட முப்பது" நல்ல ஊன்றுகோல். ஸ்வெட்டர் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய 2 டிகிரி பிழை ஒரு பொருட்டே இல்லை.

நம்மூரில் கதை வேறு. சித்திரை வைகாசியில் 36, 37, 38 என்றுதான் ஓடும். அங்கே பிழை 5க்கு மேல். அதுவும் சரியாக அந்த 100 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பிழை செய்கிறது. இந்தச் சூத்திரப்படி 35 டிகிரியிலேயே "சதம்" வந்துவிடும். நிஜத்தில் 35 என்பது 95 பாரன்ஹீட்தான். உண்மையான சதத்துக்கு 37.8 வரை ஏற வேண்டும். வேலூர்ப் பேரன் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான். 36 என்பது 96.8. சதத்துக்கு இன்னும் மூன்று ரன் பாக்கி! :-)

இந்தச் சூத்திரம் எவ்வளவு மோசமாகத் தவறும் என்று தெரிந்துகொள்ள வெயில்கூட வேண்டாம், வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டர் போதும். உடம்பின் சாதாரண வெப்பம் 37 செல்சியஸ். அதை இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டுங்கள். 104 வருகிறது. நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்திருப்பவருக்கு 104 டிகிரி காய்ச்சல்! நம் வீடுகளில் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், நார்மல் என்றால் 98.6 என்று. எந்தக் குறுக்கு வழியை யார் சொல்லிக் கொடுத்தாலும் முதலில் 37ஐப் போட்டுப் பாருங்கள். 98.6க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் அது நம்மூர் வெயிலுக்கு உதவாது.

சரி, வேறு என்ன செய்வது? இங்கேதான் தாத்தாவின் வழி வருகிறது. அந்தக் காலத்தில் கடையில் கணக்கு எழுதியவர். அவர் சொல்வது இதுதான்: "ரெட்டிச்சுக்கோ. வந்ததுல பத்துல ஒரு பங்கைக் கழி. 32 கூட்டு. அவ்வளவுதான்."

36ஐ இரட்டித்தால் 72. அதில் பத்தில் ஒரு பங்கு 7.2. கழித்தால் 64.8. அதோடு 32 கூட்டினால் 96.8. பள்ளிக்கூடச் சூத்திரத்திலும் இதே விடைதான் வரும். தோராயமாக அல்ல, புள்ளிக்குப் புள்ளி சரியாக. காரணம் ரொம்ப எளிது. நமக்கு வேண்டியது 1.8 மடங்கு. அது 2 மடங்கில் 0.2 குறைவு. 0.2 என்பது 2இல் பத்தில் ஒரு பங்கு. ஆகவே இரட்டித்துவிட்டுப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1.8 மடங்கு தானாக வந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு எடுப்பது என்பது புள்ளியை ஓர் இடம் நகர்த்துவது மட்டும்தான். ஒன்பதாம் வாய்ப்பாடும் வேண்டாம், ஐந்தால் வகுக்கவும் வேண்டாம்.

அவசரத்துக்குப் பத்தில் ஒரு பங்கை முழு எண்ணாக்கிக்கொள்ளலாம். 72இல் 7ஐக் கழித்தால் 65, கூட 32, ஆக 97. அரை டிகிரிக்குமேல் பிழை வராது. பேப்பரில் வரும் மாதிரி தசமத்தோடு வேண்டுமென்றால் கொஞ்சம் நிதானமாகப் போட்டால் போதும். 41.3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்தால் 82.6. பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 8.3. கழித்தால் 74.3. கூட 32, ஆக 106.3. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அதை இரட்டித்தால் 90, ஒன்பதைக் கழித்தால் 81, கூட 32, ஆக 113. பழைய சூத்திரத்தில் போட்டிருந்தால் 120 வந்திருக்கும். வெயில் கொடுமையைச் சொல்ல 113 போதாதா, இன்னும் ஏழு டிகிரியை நாம் வேறு சேர்க்க வேண்டுமா?

இதற்கும் சிலர் சலித்துக்கொள்ளலாம். "மூன்று படி இருக்கிறதே, பழையதில் இரண்டு படிதானே" என்று. நியாயமான கேள்விதான். இரண்டே படிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய சூத்திரத்தில் முப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டால் பெருக்கி 25ஐக் கூட்டுங்கள்.

35 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள். 70, கூட 25, ஆக 95. மிகச் சரி. 30 டிகிரிக்கு 85 வரும், உண்மை 86. 40 டிகிரிக்கு 105 வரும், உண்மை 104. அதாவது 30 முதல் 40 வரை, நம்மூர்க் கோடையின் பகல் நேரம் கிட்டத்தட்ட முழுவதற்கும், பிழை ஒரு டிகிரியைத் தாண்டாது. 37 டிகிரி உடம்புச் சோதனையில் 99 வருகிறது. 98.6க்குப் பக்கத்தில், பாஸ்!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. "இரண்டு மடங்கு" என்று எடுக்கும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூடுதலாக எடுத்துவிடுகிறோம். அந்தக் கூடுதலை 32இல் இருந்து கழித்துச் சரிக்கட்ட வேண்டும். 10 டிகிரியில் கூடுதல் 2. எனவே 32க்குப் பதில் 30. 20 டிகிரியில் கூடுதல் 4, எனவே 28. 35 டிகிரியில் கூடுதல் 7, எனவே 25. ஆகக் கூட்ட வேண்டிய எண் ஊரையும் பருவத்தையும் பொறுத்தது. லண்டன்காரருக்கு 30 என்றால், ஊட்டி, கொடைக்கானல் போகிறவருக்கு 28, சமவெளியில் வெயிலில் நிற்பவருக்கு 25. முப்பது என்ற எண்ணை யாரோ தங்கள் ஊருக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டையை அளவு பார்க்காமல் நாம் வாங்கிப் போட்டுக்கொண்டதுதான் தப்பு.

இரண்டு வழிகளில் எதை எப்போது பயன்படுத்துவது? சும்மா பேச்சுக்கு, "இன்னிக்கு எவ்வளவு இருக்கும்?" என்பதற்கு 25 போதும். 100ஐத் தாண்டியதா இல்லையா என்று பந்தயம் கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டால் தாத்தாவின் பத்தில் ஒரு பங்கு வழிதான் கை கொடுக்கும். ஏனென்றால் 25 வழியில் 37.5இலேயே சதம் வந்துவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் கால் டிகிரியும் கணக்குத்தான்.

கோட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தச் சூத்திரமும், பள்ளிக்கூடச் சூத்திரமே ஆனாலும், உள்ளே போடும் எண்ணைவிடத் துல்லியமான விடையைத் தர முடியாது. கைபேசி 38 என்று காட்டினால் அது முழு எண்ணாக்கிய 38. நிஜத்தில் 37.5ஆகவும் இருக்கலாம், 38.4ஆகவும் இருக்கலாம். முதலாவது 99.5 பாரன்ஹீட், இரண்டாவது 101.1. ஒன்று சதம் இல்லை, இன்னொன்று சதம். கைபேசியில் இரண்டும் ஒரே 38. அதனால் 38ஐ மாற்றிவிட்டு "100.4, சதம் உறுதி" என்று சொல்வது சரியல்ல. அந்த .4 நாமாகச் சேர்த்துக்கொண்ட அலங்காரம். வானிலை மையத்தின் அளவு ஒரு தசமத்தோடு வரும். அதில் 37.7 என்றால் 99.9, 37.8 என்றால் 100.0. ஆகச் சதத்தின் வாசற்படி 37.8 என்று ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், அன்றைக்குக் கணக்கே போட வேண்டாம். தவிர, கைபேசியில் வருவது பல நேரம் கணினி மாதிரியின் மதிப்பீடு. பேப்பரில் வருவது வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் காட்டியது. இரண்டும் ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் கணக்கைக் குறை சொல்லக்கூடாது.

அந்த 98.6உம் இதே கதைதான் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட நூலில் உடம்பின் சராசரி வெப்பம் என்று சொன்னது 37 செல்சியஸ். அது ஒரு முழு எண். அதை பாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 ஆகிவிட்டது. புள்ளிக்குப் பின்னால் ஒரு 6 வந்து நின்றதும், யாரோ அவ்வளவு நுணுக்கமாக அளந்து சொன்னது மாதிரி ஒரு மரியாதை அதற்கு வந்துவிட்டது. 74இல் 7.4ஐக் கழித்து 32ஐக் கூட்டினால் வரும் விடை, அவ்வளவுதான்.

அடுத்து, குளிர் பக்கம். நம்மூரில் பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை என்றாலும், பிள்ளைகள் போகிறார்கள். சிகாகோவில் படிக்கும் மகன் போனில் "இன்னிக்கு 14 டிகிரிம்மா" என்கிறான். அம்மாவின் கைபேசியில் அந்த ஊருக்கு மைனஸ் 10 என்று இருக்கிறது. மகன் எதையோ மறைக்கிறானோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். :-)

மறைக்கவில்லை. அமெரிக்காவில் அன்றாட வானிலை இன்றும் பாரன்ஹீட்தான். மைனஸ் எண்களில் கழிப்பதா கூட்டுவதா என்று தலை சுற்றும், அதற்கு ஓர் எளிய வழி: மைனஸை மறந்துவிட்டு முதல் இரண்டு படிகளையும் போடுங்கள். பத்தை இரட்டித்தால் 20, பத்தில் ஒரு பங்கு போனால் 18. கடைசியில் 32ஓடு கூட்டுவதற்குப் பதில் 32இல் இருந்து கழியுங்கள். 14. மகன் சொன்னது சரி. மைனஸ் 25 என்றால் 50, அதில் 5 போக 45. 32இல் 45ஐக் கழித்தால் மைனஸ் 13. பழைய முப்பது சூத்திரம் இங்கே மைனஸ் 20 என்று சொல்லும். ஏழு டிகிரி அதிகமாகப் பயமுறுத்தும். வெயிலில் சூட்டைக் கூட்டிச் சொன்ன அதே சூத்திரம் குளிரில் குளிரைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துவதே அதன் குணம்.

கணக்கு சரியாகப் பிடிபட்டதா என்று சோதிக்க மைனஸ் 40ஐப் போட்டுப் பாருங்கள். 80, எட்டு போக 72, 32இல் 72 போனால் மைனஸ் 40. இரண்டு அளவுகளும் கைகுலுக்கும் ஒரே இடம் அதுதான்.

இனி கடைசியாக ஒரு பொறி. படித்தவர்களே அதிகம் விழும் பொறி. வானிலைச் செய்தியில் "இயல்பைவிட 5 டிகிரி அதிகம்" என்று வரும். இந்த 5ஐ பாரன்ஹீட்டுக்கு மாற்றச் சொன்னால் பலர் 10, 9, கூட 32, ஆக 41 என்று போட்டுவிடுவார்கள். இயல்பைவிட 41 டிகிரி அதிகம் என்றால் ஊரே வெந்துபோயிருக்கும்! இங்கே 5 என்பது வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். 32 என்பது தொடங்கும் இடம் வேறு என்பதற்காகச் சேர்ப்பது. வித்தியாசத்துக்குத் தொடங்கும் இடம் கிடையாது. எனவே இரட்டித்து, பத்தில் ஒரு பங்கைக் கழித்து, அங்கேயே நின்றுவிட வேண்டும். 9 டிகிரி பாரன்ஹீட். சந்தேகம் இருந்தால் இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இயல்பு 36 என்றால் 96.8. இன்று 41 என்றால் 105.8. வித்தியாசம் 9.

இந்திய வானிலைத் துறை வெப்ப அலை அறிவிக்கும்போது இந்த இரண்டு வகை எண்களும் ஒன்றாகவே வரும். சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று. முதல் எண் வெப்பநிலை, எனவே 32 உண்டு: 104. இரண்டாவது எண் வித்தியாசம், எனவே 32 கிடையாது: 8.1. ஒரே வாக்கியத்தில் இருக்கும் இரண்டு டிகிரிகளை இரண்டு விதமாக மாற்ற வேண்டும். பூமி சூடாவதைப் பற்றிய செய்திகளிலும் இதே சிக்கல்தான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் பேசப்பட்ட 1.5 டிகிரி உயர்வு என்பது 2.7 பாரன்ஹீட் உயர்வு. 34.7 அல்ல. "அதிகம்", "குறைவு", "உயர்வு" என்ற சொல் பக்கத்தில் இருந்தால் 32ஐத் தொடாதே என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

"கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். தட்டினால் மாறும்தான். ஆனால் பேப்பரில் அச்சான எண் தட்டினால் மாறாது. தாத்தா சொல்லும் 104உம், பேரன் பார்க்கும் 40உம் ஒரே வெயில்தான் என்று அந்த நொடியிலேயே இருவருக்கும் தெரிந்தால்தான் பேச்சு ஓடும். பாரன்ஹீட்டை நாளிதழ்கள் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். விடலாம், ஆனால் "சதமடித்தது" என்ற சொல்லின் ருசி "37.8ஐத் தொட்டது" என்பதில் வராது. வீட்டுத் தெர்மாமீட்டரும் இன்னும் 98, 100, 102 என்றுதான் பேசுகிறது. இரண்டு அளவுகளும் இன்னும் கொஞ்ச காலம் ஒரே வீட்டில்தான் குடியிருக்கப் போகின்றன. நடுவே மொழிபெயர்ப்பவர் சரியாகச் சொல்ல வேண்டாமா?

வேலூர் வீட்டுக்கே திரும்புவோம். பத்து நாள் கழித்துப் பேரன் மறுபடி கைபேசியோடு வருகிறான். இந்த முறை அவன் பார்ப்பது வானிலை மையத்தின் அறிவிப்பு. அதிகபட்சம் 38.4.

"தாத்தா, இரட்டிச்சா 76.8. பத்துல ஒரு பங்கு 7.7 போக 69.1. அதோட 32... 101.1. இன்னிக்கு நிஜமாவே சதம்."

"நாளைக்குப் பேப்பர் வரட்டும்டா" என்கிறார் தாத்தா. ஆனால் இந்த முறை அவரும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.